பதினாறு கையெழுத்து

ஷைலாவுக்குக் கிருபாசங்கரின் கையெழுத்து வேண்டும். ஒன்று போதாது. நிறைய வேண்டும்.

எட்டு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தாள்.

கருமத்தம்பட்டியில் சென்னகேசவனின் நூல் மில் ஆபீஸ். ஏப்ரல் மாத வெயில் கண்ணாடிக்கு வெளியே கொதித்தது. மேஜையின் ஒரு பக்கம் ஷைலா, மண் பரிசோதனை எஞ்சினியர். எதிர்ப் பக்கம் கிருபாசங்கர், கோயமுத்தூரில் பாதிக் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுத்தவர். ஒரு காலத்தில் அவளுடைய முதலாளி. நடுவில் சென்னகேசவன், ஏற்றுமதி நூலை அடுக்கி வைக்கக் கொச்சிக் கடலோரத்தில் கிடங்கு கட்டப் போகிறவர்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் சென்னகேசவன். "ரெண்டு பேரும் ரெண்டு விதமா எழுதியிருக்கீங்க."

"சிம்பிளுங்ணா" என்று கிருபாசங்கர் முந்திக்கொண்டார். "கீழ முப்பத்தெட்டு மீட்டருக்குக் களிமண்ணு. சேறுன்னே வெச்சுக்கங்க. அதுக்கும் கீழதான் பாறை. ஷைலா மேடம் பாறை வரைக்கும் பைல், அதாவது கான்கிரீட் தூணு இறக்கி, பாறை மேல நிக்க வைக்கணும்ங்கறாங்க. எண்ட் பேரிங். நான் இருபத்திரெண்டு மீட்டர் போதும்ங்கறேன். களிமண்ணே பைலைச் சுத்தியும் கட்டிப் புடிச்சுக்கும். ஃப்ரிக்‌ஷன் பைல். பாதி ஆழம், பாதி நாள்."

"புடிக்குமுங்களா?"

"டெஸ்ட் பண்ணிக் காட்டிப்போட்டனே! ஒரு நாள் முழுக்க ஒண்ணரை மடங்கு லோடு வெச்சோம். அஞ்சு மில்லிமீட்டர். அவ்வளவுதான் இறங்குச்சு."

ஷைலா நிமிர்ந்தாள்.

"புடிக்கும், இல்லைன்னு சொல்லலைங்க. ஆனா புடிச்சவனே கீழ போனா?"

"மண்ணு எதுக்குங்க கீழ போகுது?"

"போன மாசம் அந்த மனையில மூணு மீட்டருக்குச் செம்மண் கொட்டி மேடாக்கினீங்க. அந்தக் கனத்துல கீழே இருக்கற களிமண் தண்ணியை விட்டுக்கிட்டே மெதுவா அமுங்கும். வருஷக்கணக்கா அமுங்கும். தாங்கிப் புடிச்ச அதே களிமண் பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும். ஒரு நாள் டெஸ்ட்ல இது தெரியாதுங்க. மண்ணுக்கு ஒரு நாளெல்லாம் பத்தாது."

"அப்ப உங்க பைலை இழுக்காதா கண்ணு?" கிருபாசங்கர் சிரித்தார்.

"இழுக்கும். அந்த இழுப்பையும் சுமையா சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கம்பி குடுத்திருக்கேன். ஆனா அடியில பாறை இருக்கு. அது நகராது."

"ஆலப்புழைக் கிடங்குலயும் இப்படித்தானே கணக்குப் போட்டீங்க?"

சென்னகேசவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆலப்புழை. அங்கேயும் பாறை வரைக்கும் போகச் சொன்னது ஷைலாதான். அவள் எழுதிய பக்கத்தை எடுத்துவிட்டு ஃப்ரிக்‌ஷன் பைல் போட்டவர் கிருபாசங்கர். இரண்டே வருஷத்தில் கட்டடம் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. விசாரணையில் அவர் சொன்னது ஒரே வரி. 'மண்ணைத் துளைச்சுப் பாத்த போரிங் ஆழத்தை அந்தப் பொண்ணு தப்பா எழுதிப்போட்டா.' அதற்கப்புறம் நாலு வருஷம் கோயமுத்தூரில் யாரும் அவள் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவில்லை. காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் டிராயிங் டியூஷன் எடுத்துத்தான் பிழைத்தாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டடம் இறங்கிக்கொண்டிருந்தபோதே கிருபாசங்கரின் அளவு ரிஜிஸ்டர் 'இறக்கம் இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க ஆலப்புழைக்கு மூன்று தடவை தனியாகப் போய் வந்தாள். மூன்றாவது தடவை புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

"ஒண்ணு செய்யலாமுங்க" என்றாள் இப்போது, குரல் மாறாமல். "சார் முறையில மூணு பைல். என் முறையில மூணு பைல். ரெண்டுக்கும் மேல தொப்பி கட்டி, நூத்தி இருபது டன் கான்கிரீட் கட்டைகளை ஏத்திப்போட்டு மழைக்காலம் முழுக்க விட்டுடுவோம். எப்படியும் கொச்சியில அந்த நாலு மாசம் வேலை நடக்காது. எவ்வளவு இறங்குதுன்னு வாராவாரம் லெவல் எடுக்கட்டும். எடுக்கறது சாரோட ஆளுங்க. ரிஜிஸ்டரும் சாருதே. வாராவாரம் சார் கையெழுத்துப் போடட்டும்."

"என் ஆளுங்களா?" கிருபாசங்கருக்கு நம்ப முடியவில்லை.

"உங்களை நம்பாம வேற யாரை நம்பறதுங்க சார்?"

சென்னகேசவன் தலையாட்டினார். கிருபாசங்கர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

மீன் தூண்டிலை விழுங்கிவிட்டது.

* * *

ஜூன் இரண்டாவது வாரம். கொச்சி சைட். காயலில் இருந்து ஈரக்காற்று. இரண்டு தொப்பிகளின் மேலும் கட்டைகள் ஆளுயரத்தைத் தாண்டி அடுக்கப்பட்டிருந்தன.

லெவல் எடுக்க ஓர் ஆதாரம் வேண்டும். அசையாத ஒரு புள்ளி, பெஞ்ச் மார்க். அதிலிருந்துதான் பைல் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளக்க முடியும். கிருபாசங்கரின் ஆட்கள் ஷெட்டுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, ஒரு கருங்கல்லை நட்டு, சுற்றிலும் கான்கிரீட் போட்டார்கள். கல் கம்பீரமாக நின்றது.

ஷைலாவின் உதவியாளர் சகாயம் இருபது வருஷமாக லெவல் மிஷின் தூக்கியவர். கல்லைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மேடம், கொட்டின செம்மண்லயே கல்லை நட்டுப்போட்டாங்க. மண்ணு அமுங்கினா கல்லும்ல கூடவே போகும்! போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேனுங்க."

"வேண்டாம் சகாயம்."

"தெரியாம செஞ்சுட்டாங்க மேடம்..."

"அவர் எப்பவும் இப்படித்தான் செய்வாரு. ஆலப்புழையில காம்பவுண்டு செவுத்துல ஆணி அடிச்சு வெச்சிருந்தாரு. செவுரும் எறங்குச்சு, கட்டடமும் எறங்குச்சு. ரிஜிஸ்டர் மட்டும் எறங்கலை." ஷைலாவின் கண்கள் கல்லை விட்டு அகலவில்லை. "வாயைத் தொறந்தீங்கன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

சகாயம் லெவல் மிஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

மனையின் மூலையில் ஷைலாவின் பழைய போரிங் குழாய் ஒன்று இருந்தது. அதற்குள் மண் தொடாதபடி ஓர் இரும்புத் தண்டு நாற்பத்தோரு மீட்டர் இறங்கி, பாறையில் சிமெண்ட் வைத்து இறுக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு மூடி. அது என்னவென்று கிருபாசங்கர் கேட்கவே இல்லை. சனிக்கிழமைதோறும் அவருடைய ஆட்கள் அளந்துவிட்டுப் போன பிறகு, சகாயம் அந்தத் தண்டிலிருந்து ஒரு தடவை அளந்து வந்தார்.

* * *

முதல் வாரம் கிருபாசங்கரின் கையெழுத்து விழுந்தது. மூன்றாவது வாரம். ஏழாவது வாரம். சைட்டிலிருந்து வரும் தாளை ஆபீசில் உட்கார்ந்தே பார்த்து, பச்சை மையில் வளைத்து வளைத்துப் போட்டார்.

ஒன்பதாவது வாரம் போன் வந்தது.

"ஏம் கண்ணு, உங்க பைல் கொடி மாதிரி வளருது போல! நாப்பது மில்லிமீட்டர் மேல வந்திருக்குது."

"உங்களுது சார்?"

"ஒம்போது. சும்மா லேசா. களிமண்ணு தூக்கிப் புடிக்குது. உங்களுதுதான் பாறை இடுக்குத் தண்ணி அடியிலிருந்து முட்டித் தள்ளுது. நான் அன்னைக்கே சொன்னேன், பாறை வரைக்கும் போய் வம்பை வாங்காதீங்கன்னு."

"அதையும் ரிஜிஸ்டர்ல எழுதிடுங்க சார். காரணத்தோட."

"எழுதிப்போட்டேன்!"

ஷைலா போனை வைத்தாள். நூற்றி இருபது டன் சுமையைத் தலையில் வைத்திருக்கும் பைல் மேலே எழும்புகிறதாம். நாற்பது வருஷ சர்வீஸ் போட்ட மனிதர் அதைத் தன் கைப்பட எழுதுகிறார். அவள் உதடு ஒரு பக்கமாக வளைந்தது.

* * *

அக்டோபர் முதல் வாரம் மழை விட்டிருந்தது. சென்னகேசவன் சைட்டுக்கு வந்தார். கிருபாசங்கர் ரிஜிஸ்டரை விரித்தார். பதினாறு வாரம். பதினாறு கையெழுத்து.

"பாத்துக்கங்ணா. என்னுது பதினாறு மில்லிமீட்டர் எழும்பல். ஒரு மில்லிமீட்டர்கூட எறக்கம் இல்லை. மேடம் பைல் அறுபத்தொம்போது மில்லிமீட்டர் எழும்பல். அந்த மாதிரி பைலை நம்பிக் கட்டடம் கட்ட முடியுங்களா?"

சென்னகேசவன் ஷைலாவைப் பார்த்தார். "என்னுங்க அம்மணி இது?"

"சார் கணக்கு சரிதானுங்க" என்றாள் ஷைலா. "ஒரு கேள்விதான். பாறைக்குள்ள ஒரு மீட்டர் குடைஞ்சு நட்ட பைலு. தலையில நூத்தி இருபது டன். அது மேல வருதுன்னா, ஒண்ணு பாறை வளரணும். இல்லைன்னா..." கையை நீட்டினாள். "அளந்த அந்தக் கல்லு கீழ போகணும்."

கிருபாசங்கர் திரும்பிக் கல்லைப் பார்த்தார்.

ஒரு நொடி. அவ்வளவுதான். முகத்தில் இருந்த ரத்தம் மொத்தமும் எங்கோ போய்விட்டது.

சகாயம் மூலைக் குழாயின் மூடியைத் திறந்து, அளவுகோலை இரும்புத் தண்டின் மேல் நிறுத்தினார். "இது பாறையில நிக்கற தண்டுங்க" என்று ஷைலா சொன்னாள். லெவல் மிஷினில் சென்னகேசவனையே கண் வைக்கச் சொன்னாள். எண்களை அவரே வாசித்தார். அவரே கழித்துப் பார்த்தார்.

கருங்கல் எழுபத்திநாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கிருபாசங்கரின் பைல்கள் ஐம்பத்தெட்டு. ஷைலாவின் பைல்கள் ஐந்து.

"நாலு மாசத்துல அம்பத்தெட்டு" என்றார் சென்னகேசவன் மெதுவாக. "கட்டடம் கட்டினதுக்கப்புறம்?"

"மண்ணு நிக்கற வரைக்கும் போகுமுங்க. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியும் போகாது. ஆலப்புழையில போனது இப்படித்தான்." ஷைலா ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டாள். "அங்கேயும் போரிங் ஆழம் தப்பில்லைங்க. என் பேரைச் சொல்லித் தப்பிச்சாரு. இந்தத் தடவை யாரு பேரைச் சொல்லுவீங்க சார்? பதினாறு எடத்துலயும் உங்க பேருதான் இருக்கு."

கிருபாசங்கர் வாயைத் திறந்தார். "ஷைலா... நீ அன்னைக்கே ஒரு வார்த்தை..."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா கல்லை மாத்தியிருப்பீங்க. ஒரே ஒரு கையெழுத்தோட போயிருக்கும்."

"கெளம்புங்க" என்றார் சென்னகேசவன் கிருபாசங்கரிடம். குரல் உயரவில்லை. "கோயமுத்தூர்ல நாலு பேருக்கு நான் சொல்லுவேன். நீங்க சொல்ல வேண்டாம்."

கிருபாசங்கர் சேற்றில் செருப்பு மாட்ட மாட்டக் காரை நோக்கி நடந்தார். ஷைலா ஒவ்வோர் அடியையும் பார்த்தாள். எட்டு வருஷம் நெஞ்சில் கிடந்த கல் இப்போதுதான் அசைந்தது. இனித்தது. கொஞ்சம் அதிகமாகவே இனித்தது.

"அம்மணி."

சென்னகேசவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு தப்பான எடத்துல இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

சகாயம் கீழே குனிந்துகொண்டார்.

"முதல் நாளே தெரியுமுங்க."

"நான் மழையில வண்டி ஓட்டிட்டு நாலு தடவை வந்து இதே ரிஜிஸ்டரைப் பாத்துப்போட்டு, உங்க பைலு சரியில்லைன்னு நெனச்சுட்டுப் போனேன். நடுவுல அவசரப்பட்டு அவருக்கே சரின்னு சொல்லியிருந்தா?"

"சொல்லியிருக்க விட்டிருக்க மாட்டேன்."

"அதை நான் எப்படி நம்பறதுங்க? அவரு என்னைக் குழியில தள்ளப் பாத்தாரு. நீங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தீங்க." அவர் பெருமூச்சு விட்டார். "உங்க டிசைன்தான் வேணும். பாறை வரைக்கும் போவோம். ஆனா சைட்டைப் பாத்துக்க வேற ஆளை வெச்சுக்கறேனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க" என்றாள் ஷைலா.

ஜீப்பில் ஏறினார்கள். பாலக்காடு தாண்டியது. சகாயம் தாங்க முடியாமல் கேட்டார்.

"நம்ம சைட் வேலை போயிடுச்சேங்க மேடம். போதும்ல? பழி தீந்துச்சுல்ல?"

"அந்த ஆளு இதே மாதிரி கொட்டின மண்ணு மேல ஃப்ரிக்‌ஷன் பைல் போட்டுக் குடுத்தது இன்னும் ஆறு கட்டடம். கொச்சியில ரெண்டு, தூத்துக்குடியில நாலு. எல்லாத்துலயும் 'இறக்கம் இல்லை'ன்னுதான் ரிஜிஸ்டர் இருக்கும். உள்ள ஆளுங்க வேலை செய்யறாங்க."

"அவங்களுக்காகவா, இல்லை அவரு மேல இருக்கற ஆத்திரத்துக்கா?"

ஷைலா போனை எடுத்து, அந்த ஆறில் முதல் கட்டடத்தின் நம்பரைத் தட்டினாள்.

"ரெண்டுக்கும்தான்" என்றாள். "ஆனா இந்தத் தடவை முதல் நாளே சொல்லிடறேன்."

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"வணக்கமுங்க. உங்க கட்டடத்தோட பெஞ்ச் மார்க் எங்க இருக்குதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"