வெள்ளிக்கிழமைக்குள்ள ஆற வேண்டிய உதடு

என் வாயில சனிதான். இல்லேன்னா அன்னிக்கு அப்படிச் சொல்லியிருப்பேனா?

டிவி ஸ்டூடியோவுல மேக்கப் போடுறது என் வேலை. புருஷன விட்டுட்டு வந்து எங்க வீட்டுல இருக்கிற நாத்தனாருக்கு அங்கேயே தொகுப்பாளினி டெஸ்ட் ஷூட் கிடைச்சுது, வெள்ளிக்கிழமை. "இது கிடைச்சா ஒரு ரூம் பாத்துப் போயிடுவேன் அண்ணி. அண்ணன் மூஞ்சிய எத்தனை நாள்தான் பாக்கிறது"ன்னா. மூஞ்சி அப்படித்தான், நானும்தான் பாக்கிறேன்.

நிகழ்ச்சிக்கு விளம்பரம் குடுக்கிறது ஒரு லிப்ஸ்டிக் கம்பெனி. மேட் கலர்தான் போடணும், பளபளப்பு கூடாது. இவ உதடோ பாளம் பாளமா வெடிச்சிருந்தது. மேட் போட்டா ஒவ்வொரு செதிலும் எழுந்து நிக்கும்.

திங்கட்கிழமை நானே உக்கார வெச்சேன். வெதுவெதுப்பான ஈரத்துணிய வெச்சு ஊற விட்டு, பொடிச்ச சர்க்கரையத் தேங்காயெண்ணெயில குழைச்சு, விரல் நுனியால அரை நிமிஷம், பட்டும் படாம தேய்ச்சேன். கழுவித் துடைச்சேன். "படுக்கும்போது லிப் பாம் கெட்டியா அப்பிக்கோ. தினமும் அதான். நாக்கால நக்காத"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். "பாரு, ஒரு தடவ தேய்ச்சதுக்கே பாதி போயிடுச்சு"ன்னு பெருமை வேற பீத்திக்கிட்டேன்.

இனி தேய்க்காதேன்னு சொல்லல. சத்தியமா, தோணவே இல்ல.

நடுவுல மூணு நாளும் எனக்கு விடிய விடிய ஷூட்டிங். வெள்ளிக்கிழமை காலையில மேக்கப் ரூம் லைட்டுலதான் அவ உதடப் பாத்தேன். செதில் ஒண்ணுகூட இல்ல. தோலும் இல்ல. செக்கச்செவேல்னு புண்ணு.

"என்னடி பண்ண?"

"மீதிப் பாதியும் போகட்டும்னு தினமும் தேய்ச்சேன் அண்ணி. எரிஞ்சுது. எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு நினைச்சேன்."

அறையணும்போல இருந்தது. அவளையா என்னையான்னு தெரியல.

தேதிய மாத்தச் சொல்லிக் கெஞ்சினேன், நடக்கல. பாம் வெச்சு, பத்து நிமிஷம் விட்டு, ஒத்தி எடுத்தேன். மிச்சமிருந்தா கலர் வழுக்கும். விரலால மெல்லிசா தொட்டுத் தொட்டு வெச்சேன். அவ கண்ணுல தண்ணி, "வலிக்கல"ங்கிறா.

கேமரா முன்னாடி அருமையாத்தான் பேசினா, எனக்கே ஆச்சரியம். கடைசியில சிரிக்கணும். சிரிச்சா. கீழுதடு நடுவுல பிளந்துச்சு. மானிட்டர்ல பெருசா, ரத்தம் கலருக்கு மேல வந்து நின்னுச்சு.

"பரவால்லம்மா, அப்புறம் சொல்றோம்"னாங்க புரொடியூசர். அந்த "அப்புறம்" எனக்குத் தெரியும். பதினோரு வருஷமா கேக்கிறேன்.

அடுத்த பொண்ணு வந்து நாற்காலியில உக்காந்தா. வழுவழுன்னு உதடு. அதே கலர ஒரே இழுப்புல போட்டேன், அப்படியே உக்காந்துச்சு. "உங்க கை ராசியான கைக்கா"ன்னா அவ.

ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வீட்டுக்குப் போகணும். நாத்தனார் பின்னாடி ஸ்டூல்ல டிஷ்யூவ வாயில அழுத்திக்கிட்டு என் வேலை முடியட்டும்னு உக்காந்திருந்தா.