பதினைந்து நிமிடப் பதிவு

கார் வழியை மறிக்கிறது என்று கீழே இருந்து செக்யூரிட்டி போன் செய்தபோது வினீத் வீடியோ கேமில் ஒரு கோல் போட்டு முடித்திருந்தான். ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரை சோபாவில் எறிந்துவிட்டுப் போனான். அவன் லிப்டில் இறங்குகிற சத்தம் கேட்டதும் அவன் மனைவி நாச்சியார் அந்தத் திருவனந்தபுரம் பிளாட்டிலிருந்து, நாகர்கோவிலில் இருக்கும் அக்கா சரோஜத்துக்கு போன் செய்தாள். நின்றபடியே, சோபாவுக்குப் பக்கத்தில்.

"அக்கா, திங்கக்கெழம அவரு ஆபீசுக்குப் போனதும் கெளம்பிருவேன். சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்து வச்சாச்சு."

"பயப்படாத மக்கா. பஸ் ஏறினதும் கூப்பிடு. அத்தான் வடசேரி பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு."

நான்கு நிமிடம் பேசியிருப்பாள். வினீத் திரும்பி வந்தான். கன்ட்ரோலரை எடுத்து, ஆட்டத்தைத் தொடராமல், பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினான். கடைசிப் பதினைந்து நிமிடத்தைச் சேமிக்கும்படி கொடுத்தான். வீடியோ சேமிக்கப்பட்டது என்று டிவியின் மூலையில் ஒரு வரி வந்து போனது.

"செம கோல். இன்னைக்கே யூடியூப் சேனல்ல போட்டுரணும்," என்றான்.

நாச்சியார் கன்ட்ரோலரைப் பார்த்தாள். ஆட்டம் திறந்திருக்கிற வரைக்கும் அந்தக் கேம் கன்சோல் பின்னால் சும்மா பதிவு செய்துகொண்டே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கன்ட்ரோலரில் மைக் இருக்கிறது. தன் கமென்டரி வீடியோவில் விழவேண்டும் என்று மைக் சத்தத்தையும் சேர்த்துப் பதியும்படி அவன் வைத்திருந்தான். போன மாதம் ஒரு வீடியோவில் குக்கர் விசில் விழுந்ததற்கு அவன் என்ன செய்தான் என்பதை அவள் இடது தோள் இன்னும் மறக்கவில்லை. குக்கர் விசில் விழுந்தால் அவள் குரல் விழாதா?

சின்ன வீடியோவாக இருந்தால் தானாகவே அவன் போனிலிருக்கும் ஆப்பில் போய் உட்கார்ந்திருக்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் அப்படிப் போகாது. பென்டிரைவில்தான் எடுப்பான். எடுத்து லேப்டாப்பில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எப்போதும் கடைசியிலிருந்து பின்னோக்கி வெட்டுவான். கடைசியில் இருப்பது அவள் குரல்.

அவன் பென்டிரைவைச் செருகினான். மீடியா கேலரியைத் திறந்து, இன்றைய பதிவைத் தேர்ந்தெடுத்து, யுஎஸ்பிக்கு நகலெடு என்று கொடுத்தான். ஒரு கோடு மெல்ல நீளத் தொடங்கியது.

"எட்டி, நான் குளிச்சிட்டு வாறேன். அதுல ஒண்ணையும் தொட்டுராத, கேட்டியா? நடுவுல பிடுங்கினா கரப்ட் ஆயிரும்."

"செரி."

தன் குரல் சாதாரணமாகத்தான் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. குளியலறைத் தாழ் விழுந்தது. தண்ணீர் கொட்டியது.

பிடுங்கிவிடலாமா? பிடுங்கினாலும் மூலப் பதிவு கன்சோலில் அப்படியே இருக்கும். அழித்துவிட்டால், ஏன் அழித்தாய் என்பான். தெரியாமல் கைபட்டுவிட்டது என்று சொன்னால் நம்புகிறவன் இல்லை. திங்கட்கிழமை வரைக்கும் அவளிடம் அவகாசம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருப்பது அவன் குளிக்கும் நேரம் மட்டும்.

கோடு முழுதாகி, முடிந்தது என்று வந்தது. கன்ட்ரோலரை எடுத்தாள். கேலரியில் பழைய பதிவுகள் தேதியோடு வரிசையாக நின்றன. புதன்கிழமை இரவில் அவள் கண் நின்றது. அன்று அவன் ஒரு ஆட்டத்தில் தோற்றான். அதன் பிறகு அவளை அடித்தான். அடித்து முடித்து உட்கார்ந்து அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தான். ஜெயித்ததும் கடைசிப் பதினைந்து நிமிடத்தைச் சேமித்தான்.

அப்படியானால் அந்தப் பதினைந்து நிமிடத்தின் தொடக்கத்தில்?

டிவி சத்தத்தை இரண்டுக்குக் குறைத்து அதைத் திறந்தாள். திரையில் பச்சை மைதானம் அசையாமல் நின்றது. அதன் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. பிறகு அவள் குரல். "வேண்டாம், வேண்டாம், கையி ஒடிஞ்சிரும்." ஏதோ சுவரில் மோதும் சத்தம். அவன் கடைசியிலிருந்து வெட்டுகிறவன். இவ்வளவு தூரம் பின்னால் வந்து கேட்டே இருக்கமாட்டான்.

நிறுத்தினாள். அதைத் தேர்ந்தெடுத்து யுஎஸ்பிக்கு நகலெடு என்று கொடுத்தாள். மறுபடியும் கோடு.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நாச்சி! துவர்த்து எங்க?"

துண்டு கொடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனாள். கதவு கொஞ்சமாகத் திறந்து ஈரக்கை நீண்டது. துண்டைக் கொடுத்தாள்.

"காப்பி ஆயிட்டா?"

"கோடு ஓடிக்கிட்டிருக்கு."

"இன்னுமா?" தலையைத் துவட்டினான். "அந்த ஷேவிங் பிளேட எடு. சாயந்திரம் கல்யாணத்துக்குப் போணும்லா."

பிளேடை எடுத்துக் கொடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. ஹாலுக்கு வந்தபோது நகலெடுத்து முடிந்திருந்தது. கன்சோலில் இருந்த இன்றைய பதிவைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். உறுதியா என்று கேட்டது. ஆமாம் என்றாள். இப்போது அவள் பேசியது பென்டிரைவில் மட்டும்தான் இருந்தது. அதை உருவி ரவிக்கைக்குள் வைத்தாள். பீரோவிலிருந்து சர்ட்டிபிகேட் பையை எடுத்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

லிப்டுக்குக் காத்திருக்கத் தைரியம் இல்லை. பக்கத்து பிளாட் மணியை அழுத்தினாள். நர்ஸ் ஷிஜி டியூட்டிக்குக் கிளம்பி நின்றாள்.

"எந்தா சேச்சி, இதெந்து பற்றி?" என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் கேட்டாள்.

"ஷிஜி, என்னைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல விடணும். இப்பம். அவரு குளிக்காரு."

ஷிஜி அவள் காலில் செருப்பில்லாததைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்து மாடிப்படியைக் காட்டினாள். "படிகள் வழி போகாம். வா."

கழக்கூட்டம் சிக்னலில் போன் அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு காரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனை அணைத்தாள். எல்லையில் களியக்காவிளை தாண்டும்வரை ரவிக்கைக்கு மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அக்கா வீட்டில் இன்னொரு பயம் பிடித்தது. கோப்பு திறக்குமா? அவசரத்தில் உருவிவிட்டேனோ? அத்தான் பழைய லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகினார். கன்சோலின் பெயரில் ஒரு போல்டர், அதற்குள் ஆட்டத்தின் பெயரில் இன்னொன்று, அதற்குள் இரண்டு வீடியோ. புதன்கிழமையுடையதை அழுத்தினார். பச்சை மைதானம் வந்தது. நாச்சியார் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கும் கேட்டது. அரை நிமிடம் போவதற்குள் சரோஜம் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நிறுத்துங்க, போதும்," என்று அக்கா உள்ளிருந்தே கத்தினாள்.

அத்தான் அந்தக் கோப்பைத் தன் போனுக்கும் லேப்டாப்புக்கும் நகலெடுத்து வைத்தார். திங்கட்கிழமை காலை மூவரும் பெண்கள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி அம்மாள் ஹெட்போனில் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நீ ரகசியமா ரெக்கார்டு பண்ணினியாம்மா?"

"இல்ல மேடம். அவருதான் பண்ணினாரு. அவரு ஆட்டத்துல ஜெயிச்சதுக்காகச் சேமிச்சு வச்சது."

அம்மாள் புகாரை எழுதத் தொடங்கினார். வெளியே பைக் ஒன்று வந்து நின்ற சத்தத்துக்கு நாச்சியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தபால்காரர் உள்ளே வந்தார். நாச்சியார் கையை விட்டுவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். கல்யாணம் ஆன தேதி, திருவனந்தபுரம் முகவரி, முதல் அடி விழுந்த நாள்.