மறுப்பு மடலுக்கும் அதே குரல்

“வாரண்டி மறுப்பு மெயிலும் இந்த எழுத்து வழிகாட்டிக்குள்ள வரணும் சார்.”

முதலாளி முன்னால் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று மேனேஜர் அக்கா லிஃப்டிலேயே இவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். இப்போது மேஜைக்கடியில் இவள் காலை மிதித்தாள். இவள் காலை இழுத்துக்கொண்டாள், பேச்சை இழுத்துக்கொள்ளவில்லை.

வாஷிங்மெஷின் விற்கிற கம்பெனி. இணையதளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு ஆள் பேசுகிற மாதிரி இருக்கிறது, எல்லாம் ஒரே ஆள் பேசுவதாக மாற்று என்று, தற்காலிக வேலையாக இவளிடம் கொடுத்திருந்தார்கள். இவளும் அதற்கொரு வழிகாட்டி எழுதினாள்: வாங்குபவரை ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும், முதல் வரியிலேயே விஷயம் வர வேண்டும், நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் தொனி மாறலாம், பேசுகிற ஆள் மாறக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் பழைய வரி ஒன்று, திருத்திய வரி ஒன்று.

“அந்த மெயில் சட்டப் பிரிவோடது,” என்றார் எதிரே இருந்த கம்பெனி வக்கீல். “அது அப்படித்தான் இருக்கும்.”

‘தங்களது கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டதென இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது’ என்று தொடங்கும் அது. ஒரு மாதத்துக்குள் மறுபடி முறையிடலாம் என்பது கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் “என்ன போட்டிருக்கான், படி” என்று அப்பா இவள் கையில்தான் கொடுப்பார். படிக்க ஒருத்தி இல்லாத வீடு என்ன செய்யும்?

திருத்தியதைத் திரையில் போட்டாள். *இந்தப் பழுதை வாரண்டியில் சரிசெய்ய முடியாது. காரணம், மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், ஒரு மாதத்துக்குள் இந்த மெயிலுக்குப் பதில் எழுதுங்கள். வேறொருவர் வந்து பார்ப்பார்.*

வக்கீல் இரண்டு முறை படித்தார். “சட்டப்படி தப்பில்ல. ஆனா புரியுதே.”

அக்கா சிரிப்பை இருமலாக்கினாள்.

“புரிஞ்சா எல்லாரும் முறையிடுவாங்கம்மா,” என்றார் முதலாளி. “மறுப்பு மெயிலுக்கு இது பொருந்தாதுன்னு ஒரு வரி சேர்த்துடு. பொறுப்பாளர்னு உன் பேர் போட்டு இன்னிக்கே வெளியிடு. வேலையையும் நிரந்தரமாக்கிடறேன்.”

“அப்போ முகப்புல ‘உங்கள் பக்கம் நிற்கிறோம்’னு இருக்கே, அதை எடுத்துடுங்க.”

“அது வாங்க வர்றவங்களுக்கு.”

“ரெண்டையும் ஒரே ஆளுதான் சார் படிக்கிறாங்க.”

“பிடிவாதம் பிடிக்காத. இவ்வளவு உழைச்சிருக்க.”

“உழைச்சதாலதான் சொல்றேன். அந்த வரிய நான் எழுத மாட்டேன். நீங்க எழுதுங்க, பொறுப்பாளர்னு உங்க பேரையே போட்டுக்குங்க.”

அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“எங்கடி போற?” அக்காவின் குரல் அடங்கியிருந்தது. “உட்காரு, பேசிக்கலாம்.”

“பேசியாச்சுக்கா.”

கதவைத் தள்ளினாள். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வீட்டில் சொல்ல முடியாது. ஏன் ஆகவில்லை என்பதை ஒரே மூச்சில், யாருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடலாம். படிகளில் இறங்கத் தொடங்கினாள்.