பிச்சைமணியின் இடது கை

பிரசவ வார்டில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தவள் ஸ்ரீதேவி. தலை திரும்பாத பிள்ளையை வயிற்றைத் தொட்டே சொல்லிவிடுவாள். அவளைப் போய் டயாலிசிஸ் அறைக்கு மாற்றினார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

சீசன் நேரம். குற்றாலத்தில் வழுக்கி விழுந்தவர்களால் தென்காசியின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. டயாலிசிஸ் நர்ஸை அவசரப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு, "நீ அங்கன போயிருட்டி, பாக்கப் பாக்கப் பழகிரும்" என்றார் நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் சுகந்தி. ஸ்ரீதேவி "சரி மேடம்" என்றாள். தெரியாது என்று சொன்னால் சோம்பேறி என்பார்களே என்ற பயம். அந்த 'சரி'யை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றும்.

முதல் நாளே அது நடந்தது. கடையத்துப் பிச்சைமணி டயாலிசிஸ் முடிந்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார். பிரஷர் பார்க்க, பக்கத்தில் கிடந்த இடது கையில் பட்டையைக் கட்டினாள். டயாலிசிஸுக்கென்றே ரத்தக்குழாய்களை அறுவை செய்து இணைத்திருந்த கை அது. அதில் பட்டை கட்டக் கூடாது என்பது அந்த அறையின் முதல் பாடம். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. டெக்னீஷியன் சந்தோஷ்குமார் சாப்பிட்டுவிட்டு வந்து கவனிப்பதற்குள் மானிட்டர் மூன்று தடவை இறுக்கி முடித்திருந்தது.

மறுநாள் அந்தக் கையில் ரத்தம் ஓடும் அதிர்வு நின்றுபோனது; இணைப்பு அடைத்துவிட்டது. பிரஷர் இறங்கினாலும் அடைக்கும், உன்னால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இனி டயாலிசிஸ் செய்யப் பிச்சைமணியின் கழுத்தில் குழாய் போட்டார்கள்.

பத்து நாள் கழித்து சந்தோஷ்குமார் வேலையை விட்டுப் போய்விட்டான். அவசரப் பிரிவுக்குப் போன பழைய நர்ஸும் லீவில் இருந்தாள். மறுநாள் காலையில் பிச்சைமணி மேல்மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். முந்தின முறை டயாலிசிஸுக்கு வராமல் விட்டிருந்தார். கால்கள் வீங்கிக் கிடந்தன.

"நீதான் இத்தன நாளா பாத்திருக்கியே. மாட்டி விட்டுரு" என்றார் சுகந்தி.

ஸ்ரீதேவி அவர் கழுத்தைப் பார்த்தாள். கழுத்துக் குழாயை அடைத்திருக்கும் மருந்தை முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தாள். எவ்வளவு எடுப்பது, திறக்கும்போது காற்று உள்ளே போகாமல் எப்படிப் பார்ப்பது, உடம்பிலிருந்து எத்தனை லிட்டர் நீரை இறக்குவது, ஒன்றும் தெரியாது. தொட்டால் கொன்றுவிடுவோம், தொடாவிட்டாலும் செத்துப்போவார்.

"எனக்குத் தெரியாது மேடம்."

"தெரியாதுன்னா? உன் சர்ட்டிபிகேட் ஆபீஸ் பீரோவுலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

அவள் முதலில் பிச்சைமணியை நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்ஸிஜன் மாட்டினாள். டியூட்டி டாக்டர் விஜயசங்கருக்குப் போன் போட்டு, மூச்சுத் திணறல், ஆக்ஸிஜன் அளவு எண்பத்தெட்டு, உடனே வாங்க என்றாள். ஈசிஜி எடுத்தாள். இதெல்லாம் தெரிந்த வேலை. பிறகு ஒரு தாளில் எழுதினாள்: 'டயாலிசிஸ் மெஷினில் எனக்குப் பயிற்சி இல்லை. நோயாளியைக் கவனித்துக்கொள்வேன், மெஷினில் இணைக்க மாட்டேன். பயிற்சி பெற்றவரோடு நிற்கவைத்துக் கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் பிரசவ வார்டுக்கே மாற்றுங்கள்.' நேரத்தையும் போட்டுக் கையெழுத்திட்டாள்.

சுகந்தி படித்தார். "மூக்குக்கு மேல கோவம் வருதுட்டி எனக்கு."

"வரட்டும் மேடம். நீங்க மாட்டுங்க, நான் பக்கத்துல நின்னு பாக்கேன்."

சுகந்தி மெஷினைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்து நின்றுவிட்டார். முகத்தில் கோபம் வடிந்து, வேறொன்று தெரிந்தது.

"எனக்கும் தெரியாதுட்டி" என்றார், மெல்ல.

அதற்குள் வந்துவிட்ட விஜயசங்கர் ஈசிஜியைப் பார்த்தார், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடக்குது, விட்டால் இதயம் நின்றுவிடும் என்றார். ஊசி போடச் சொல்லிவிட்டு இடம் தேடினார். தென்காசியில் எங்கும் மெஷின் காலியில்லை. திருநெல்வேலியில் ஒரு இடம் கிடைத்தது. சுகந்தியே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, வேலை செய்ய மறுத்ததற்கு விளக்கம் கேட்கும் மெமோவையும் ஸ்ரீதேவியிடம் நீட்டினார். மேலே பதில் சொல்லணும்லா என்றார். அவள் எழுதிக் கொடுத்த தாளை மட்டும் கிழிக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டார். பயிற்சி உண்டா, மாற்றம் உண்டா, வேலையே உண்டா, ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரோடு ஸ்ரீதேவியும் ஏறினாள். ஆலங்குளம் தாண்டும்போது பிச்சைமணிக்கு மூச்சு கொஞ்சம் சமாதானப்பட்டது. பிரஷர் பார்க்க வேண்டும். பட்டையை எடுத்தவள் வலது கையைத் தேடினாள்.

அவர் வலது கையை விலக்கிக்கொண்டு இடது கையை நீட்டினார்.

"இதுல கட்டு தாயி. அடுத்த ஆபரேஷன் வலது கையிலதான்னு சொல்லியிருக்காவ. அடைஞ்சுபோன இது இனி எதுக்கு?"

டாக்டர் ஆமென்று தலையசைத்தார். ஸ்ரீதேவி கட்டினாள். கண்ணீர் முட்டி மீட்டரில் எண் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்து, சரியாகச் சொன்னாள்.