இன்னொரு விதுஷா வீட்டுக்குப் போன செய்தி

ஏழாம் தரத்தில் இரண்டு விதுஷாக்கள் இருந்தார்கள். வகுப்பில் ஒருத்தியைச் சின்ன விதுஷா என்றும் மற்றவளை நெட்டை விதுஷா என்றும் பிள்ளைகள் பிரித்து வைத்திருந்தார்கள். சுதர்ஷினி டீச்சரின் போனில்தான் அந்தப் பிரிவினை இல்லை. இரண்டு பேரும் 'விதுஷா அம்மா' என்றே மேலும் கீழுமாகக் கிடந்தார்கள். பிள்ளையின் பெயரைப் போட்டு, பக்கத்தில் அம்மா என்று போட்டால் வேலை முடிந்தது என்பது எல்லா டீச்சர்மாரின் வழக்கமும்தான். அந்த வழக்கம் இத்தனை நாளும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

அன்று காலை இடைவேளைக்குக் கொஞ்சம் முந்தி, நெட்டை விதுஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து டீச்சரின் மேசை அருகே நின்றாள். என்ன என்று கேட்கவே தேவையிருக்கவில்லை. சுதர்ஷினி அவளை நூலக அறைக்குக் கூட்டிப்போய், தன் பையிலிருந்ததைக் கொடுத்து, எப்படி வைப்பது என்று சொல்லி, சூடாகத் தேத்தண்ணி வாங்கி வந்து உட்கார வைத்தாள். பிள்ளை அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க டீச்சர். வேற யாருக்கும் தெரிய வேணாம்."

வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சுதர்ஷினி வாக்குக் கொடுத்தாள். பெரிய பிள்ளையானால் முதலில் தாய்க்குத் தெரிய வேண்டும், பிறகு தாய்மாமனுக்குச் சொல்லிவிட வேண்டும், ஊருக்கு எப்போது சொல்வது என்பது அந்த வீட்டாரின் உரிமை. அதற்குள் பக்கத்து லயத்து வீட்டுக்காரர் வாயில் விழுந்துவிட்டால், பிள்ளை ஒரு மாதத்துக்குப் பள்ளிக்கூடப் பக்கமே தலைகாட்டாது. தாய் கொழுந்து பறிக்கும் மலையில் நாலு பேர் நடுவே போன் அடித்தால் நாலு பேருக்கும் கேட்கும் என்று நினைத்துத்தான், பேசாமல் எழுதி அனுப்பினாள். விதுஷா பெரிய பிள்ளையாகிவிட்டாள், நலமாக இருக்கிறாள், மாற்று உடுப்பும் துவாயும் பேட் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப் போங்கள், வரும்வரை என்னுடனே இருப்பாள். அவ்வளவுதான் எழுதினாள். நல்லபடியாக எழுதியிருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள்.

தெமோதரைக்கு மேலே அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாயடியில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். முக்கால் மணி நேரம் கழித்து, தாய் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க மறுபடியும் அங்கே போனபோது, செய்திக்குக் கீழே படித்தாயிற்று என்று காட்டும் இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருந்தன. மேலே இருந்த சிறிய படத்தில் சிரித்துக்கொண்டிருந்தது சின்ன விதுஷா.

பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லையே என்று சுதர்ஷினிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் சரியான தாய்க்குப் போன் எடுத்து, பக்கத்தில் ஆள் இல்லாத இடத்துக்கு வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னாள். அவள் உடனே புறப்படுவதாகச் சொன்னாள்.

அடுத்தது மற்ற வீடு. அனுப்பியதை எல்லார் போனிலிருந்தும் அழித்துவிடும் வசதி அவளுடைய போனிலும் இருந்தது. ஆனால் படித்த மனத்திலிருந்து அதை அழிக்க முடியாதே. செய்தி திடீரென்று மறைந்தால் அந்த வீட்டார் என்னவென்று நினைப்பார்கள்? தங்கள் மகளுக்குத்தான் என்று நம்பியவர்கள் நம்பியபடியே இருப்பார்கள். அழைத்துப் பார்த்தாள், இணைப்புக் கிடைக்கவில்லை. போனில் ஏதோ கோளாறு, அதுவாகப் போய்விட்டது என்று எழுதத் தொடங்கினாள். பொய் என்று தனக்கே சிரிப்பு வந்ததால் அழித்தாள். மன்னிப்பு, மன்னிப்பு என்று ஆறு தரம் வந்த இன்னொன்றையும் அழித்தாள். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

"வணக்கம் அம்மா. சற்று முன் உங்களுக்கு வந்த செய்தி நான் தவறி அனுப்பியது. அது உங்கள் மகளைப் பற்றியதல்ல. அவள் வகுப்பில் நன்றாக இருக்கிறாள். அது இன்னொரு பிள்ளையின் சொந்த விஷயம் என்பதால், தயவுசெய்து உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அதையும் அழித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். உங்களைக் கலங்க வைத்ததற்கு மன்னிக்கவும்."

அனுப்பினாள். ஒற்றைக் கோடு விழுந்து அப்படியே நின்றது. இரண்டாம் கோடு வரவேயில்லை.

அதற்குள் நெட்டை விதுஷாவின் தாய் இடுப்பில் கட்டிய கொழுந்துச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் குறுக்குப் பாதையால் ஏறி வந்து, மகளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனாள். தன் தவறை சுதர்ஷினி அவளிடம் மறைக்கவில்லை. அவள் முகம் கறுத்தது. பிறகு, அழிக்கச் சொல்லிடுங்க டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவர்கள் போய்ப் பத்து நிமிடம் இருக்காது. முன்வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தேயிலைத் தொழிற்சாலை வேலைச் சட்டையோடு ஒரு மனிதர் இறங்கினார். கையில் உடுப்புக் கடைப் பையும், பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலமும். சின்ன விதுஷாவின் அப்பா கணபதி என்று தெரிந்ததும் சுதர்ஷினிக்கு விளங்கிவிட்டது. தாய் குவைத்துக்குப் போய் ஏழு மாதம். போகும்போது சிம்மைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். டீச்சரின் போனில் மட்டும் அம்மா அம்மாவாகவே இருந்திருக்கிறாள்.

ஒரு ஆம்பளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கு முகம் சுட்டது. ஆனால் எழுதியதைத்தானே சொல்ல வேண்டும் என்று நினைத்தவுடன் பேச்சு வந்துவிட்டது. அவரைக் குழாயடிக்குத் தனியே கூட்டிப்போனாள்.

"அண்ணன், உங்க விதுஷா நல்லா இருக்கா, வகுப்புலதான் இருக்கா. அந்தச் செய்தி இன்னொரு பிள்ளைக்குரியது, நான்தான் நம்பர் மாறி அனுப்பிட்டேன். அந்தப் பிள்ளை யாருக்கும் தெரிய வேணாம்னு கேட்டுக்கிச்சு. தயவுசெஞ்சு அத அழிச்சிடுங்க."

கணபதி கையிலிருந்த பையைக் குழாய்க் கட்டில் வைத்தார். கோபப்படப் போகிறார் என்று சுதர்ஷினி பயந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அப்போதுதான் அவளுடைய இரண்டாவது செய்தி டிங் என்று வந்து சேர்ந்தது. அதையும் நிதானமாகப் படித்தார். பிறகு முதல் செய்தியை அமுக்கிப் பிடித்து, அவள் பார்க்கவே அழித்தார். பொஞ்சாதிக்கும் அனுப்பியிருந்தாராம். அங்கே அவள் வேலையில் இருப்பாள், இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லி, அதையும் இரண்டு பக்கமும் இல்லாமல் செய்தார். அழித்த அடையாளம் தெரியும், அதனால் மாறி வந்தது என்று தானே அவளுக்குச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அந்தப் பிள்ளை யார் என்று அவர் கேட்கவில்லை. இருப்பது இரண்டே விதுஷாதான் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. கேட்காததுதான் மரியாதை என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. சுதர்ஷினிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

நன்றி சொன்னாள். அவர் போகவில்லை. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இப்ப ஒரு ஒதவி நான் கேக்கணும். பேரு இல்லாம அதே மாதிரி ஒன்னு எழுதி எனக்கு அனுப்புவீங்களா? வீட்டுல பொம்பளைங்க யாரும் இல்ல. நாளைக்கு எம்புள்ள வயித்தப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னா என்ன செய்றதுன்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு அதப் படிச்சதாலதான் கடைக்குப் போய் என்ன கேக்கணும்னு தெரிஞ்சுச்சு."

சுதர்ஷினி அங்கேயே நின்று எழுதினாள். முன்பு எழுதியதை விட நீளமாக, ஒன்றும் விடாமல், பிள்ளையிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து. அவர் போனில் அது வந்து விழுந்தது. உதடு அசைய இரண்டு தரம் படித்தார்.

"எத்தன நாளைக்கு இருக்கும் டீச்சர்?"

ஐந்தாறு நாள் என்று அவள் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை. அவரும் தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டார்.