படபடத்த ரிலே

தேர்வாளர் வர அரை மணி இருந்தது. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் அற்புதராஜும் பிரிஜட்டும் செய்த ஸ்டெபிலைசர் மாதிரிக்கு வரும் மின்னழுத்தத்தை 190 வோல்ட்டுக்கு இறக்கினால், ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் ஓயாமல் படபடத்தது. இப்படியே காட்டினால் தேற முடியாது.

“மட்டமான ரிலே லா. ஜாலான் புசார் கடையில பேரம் பேசி வாங்கினது நீதான்,” என்றான் அற்புதராஜ்.

படபடப்பு ஒரே சீராக இருப்பது பிரிஜட்டை யோசிக்க வைத்தது. “ரிலேயை இயக்குற கம்பரேட்டர் எந்த வோல்டேஜைப் பாக்குது?”

“அவுட்புட்டை.”

“ரிலே டிரான்ஸ்பார்மரோட டேப்பை மாத்தினா அவுட்புட் ஏறிடும். உள்ள வர்ற மெயின்ஸே சரியாயிடுச்சுன்னு கம்பரேட்டர் ரிலேயை விட்டுடும். உடனே அவுட்புட் இறங்கிடும், ரிலேயைத் திரும்ப இழுக்கும்.”

அவன் மின்சாரத்தை அணைத்து, கம்பரேட்டருக்கான சிறு டிரான்ஸ்பார்மரை மெயின்ஸ் பக்கம் மாற்றி இணைத்தான். மறுபடி 190. ரிலே ஒருமுறை மட்டும் ‘டக்’ என்றது. அவுட்புட் 225 வோல்ட், அசையவில்லை.

“மெதுவா ஏத்து. ரிலே எப்ப விடுதுன்னு பாக்கணும்,” என்றாள்.

தேர்வாளர் உள்ளே வந்ததை இருவருமே கவனிக்கவில்லை.