டீன் விட்டுப்போன குறிப்பு

ரோண்டா கெஸல் வரலாற்று ஆசிரியை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி வேலைக்கு வந்தவள். ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றோரப் பள்ளிகளில் யார் லீவு போட்டாலும் அன்றைக்கு மட்டும் அந்த வகுப்புகளை எடுத்துக்கொடுப்பாள். கணக்கோ சமையலோ எதற்கும் அசர மாட்டாள். விளையாட்டு வகுப்பு மட்டும் அதுவரை வாய்த்ததில்லை.

அன்று வாய்த்தது. விளையாட்டு ஆசிரியர் டீன் பிராடக் தடகள அணியோடு வெளியூர் போயிருந்தார். அவர் விட்டுப்போன குறிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி பயம் போயிற்று. அவ்வளவு தெளிவாக இருந்தது. முதலில் வருகைப்பதிவு. மழையென்றால் உள்ளரங்கம். சாவி அலுவலகத்தில். அரங்கைச் சுற்றி இரண்டு ஓட்டம், அப்புறம் ஓடிவந்து எகிறிக் கூடையில் பந்து போடும் பயிற்சி, கடைசியில் ஆட்டம். அடியில் தனியாக ஒரு வரி: 'கோரி டாம்ப்ளின் முட்டிவலி என்பான். பெற்றோர் கடிதம் இல்லாமல் உட்கார விடாதீர்கள். உங்களைச் சோதித்துப் பார்ப்பான்.'

மழை பெய்தது. ஒன்பதாம் வகுப்பு அரங்குக்குள் திபுதிபுவென்று நுழைந்தது.

"மிஸ், நீங்க ஹிஸ்டரி மிஸ்தானே? விசில் ஊதத் தெரியுமா?" என்றாள் ஒருத்தி.

"ஊதினா காது கிழியும், பாக்குறியா?"

சிரித்தார்கள். பரவாயில்லையே என்று இருந்தது ரோண்டாவுக்கு.

ஓட்டம் முடிந்ததும் ஒல்லியான, நெட்டையான பையன் ஒருவன் அருகில் வந்தான். "மிஸ், நான் இன்னிக்குக் குதிக்கக் கூடாது. முட்டி."

"உன் பேரு கோரியா?"

"ஆமா. டாக்டர் சொல்லியிருக்காரு. அம்மா ஸ்கூலுக்கு மெயில் போட்டாங்க, மிஸ்."

"கடிதம் இருக்கா?"

"மெயில் போட்டாங்கன்னு சொல்றேனே."

ரோண்டா தாளைத் தட்டிக் காட்டினாள். "நீ இப்படிச் சொல்லுவேன்னு இதுலயே எழுதியிருக்கு, கண்ணு. போ, வரிசையில நில்லு."

வரிசையில் நின்றவன் தன் முறை வரும்போதெல்லாம் பின்னால் நழுவினான். அவள் மறுபடி கூப்பிட்டபோது அவன் முகம் வெளிறியிருந்தது. "மிஸ், நெஜமா வலிக்குது." அந்த முகத்தை அவள் பார்க்காமலில்லை. அடுத்த நொடி பின்னாலிருந்து எவனோ, "நடிகன்டா!" என்று கத்தினான். இங்கே இளகினால் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும் என்று பட்டது அவளுக்கு.

"ஒரே ஒரு தடவை, கோரி."

அவன் ஓடினான், எகிறினான். சுள்ளி ஒடிவது போலச் சத்தம் கேட்டது. பந்து எங்கோ உருண்டது. தரையில் கிடந்தவனால் காலை நீட்டவே முடியவில்லை. முட்டிக்குக் கீழே எலும்பு போல ஏதோ புடைத்திருந்தது. "யாரும் அவனை அசைக்காதீங்க!" என்று கத்திவிட்டு, இரண்டு பேரை அலுவலகத்துக்கு ஓடவிட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலைமாட்டிலேயே மண்டியிட்டிருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

தசைநார் எலும்பின் நுனியைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டதாம். திருகாணி வைத்து அறுவைசிகிச்சை.

துணைத் தலைமையாசிரியை க்வென் வார்ட்லா கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். "அம்மா மெயில் போட்டது உண்மைதான். டீனுக்குப் போயிருக்கு. அவர் போன டெர்ம் எழுதின குறிப்பையே தேதி மாத்தி வச்சுட்டுப் போயிருக்காரு."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல, ரோண்டா. நீங்க எழுதற விபத்து ரிப்போர்ட்ல குறிப்பைப் பத்தி எழுதணுமான்னு யோசிங்க. அரங்குல இருந்த டீச்சர் நீங்க. டீன் இங்க பதினோரு வருஷமா இருக்காரு."

ரோண்டா எல்லாவற்றையும் எழுதினாள். குறிப்பின் நகலையும் சேர்த்துக் கொடுத்தாள். அன்று மாலையே டீன் ஃபோனில் வந்தார். "குறிப்பு ஒரு உதவிக்குத்தாங்க. பையன் முகத்தைப் பாத்தாலே தெரியாதா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. அந்தப் பள்ளியிலிருந்து அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. டீன் வழக்கம்போல வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை, சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒரு பெண் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தினாள். "நீங்கதானே அந்த டீச்சர்? நான் கோரியோட அம்மா."

ரோண்டா அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள்.

"கால்ல இரும்போட இருக்கான். உங்ககிட்டச் சொன்னேங்குறான். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. சொன்னானா?"

பழைய குறிப்பு, தன் கைக்கு வராத மெயில் என்று வரிசையாக நாக்கு நுனிவரை வந்தன. எல்லாமே உண்மை. அந்த வெளிறிய முகத்தைப் பார்த்துக்கொண்டே அவனை ஓடச் சொன்னதும் உண்மை.

"சொன்னான்" என்றாள் ரோண்டா.

அந்தப் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு கார்களுக்கு நடுவே போய்விட்டாள்.